8 எம்.பி.யை எழுத 24 விநாடி

மைன்கிராஃப்ட் சர்வர் ஒன்றில் பத்துப் பேர் சேர்ந்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. திடீரென்று ஒருவர் வெட்டிய மரம் மறைகிறது, ஆனால் கட்டை கீழே விழவில்லை. இன்னொருவர் பெட்டியைத் திறக்கப் பார்க்கிறார், அது திறக்க மாட்டேன் என்கிறது. மேய்ந்துகொண்டிருந்த மாடுகள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ஓரிரு விநாடி கழித்து, விட்டுப்போனதெல்லாம் மொத்தமாக நடக்கிறது. கட்டைகள் விழுகின்றன, பெட்டி திறக்கிறது, மாடுகள் ஓட்டமாக ஓடுகின்றன. “லேக் அடிக்குது” என்று சாட்டில் நாலு பேர் எழுதுகிறார்கள்.

முதலில் திட்டு வாங்குவது இணைய இணைப்பு. அடுத்தது பிராசஸர், அதற்கடுத்தது ரேம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே விளையாடியவர்களுக்கு மட்டும் வேறொன்று பிடிபடும். இந்தத் தடங்கல் கிட்டத்தட்ட ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. இணையக் கோளாறு இப்படி நேரம் பார்த்து வராது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் நடக்கும் வேலை சர்வருக்குள் ஒன்று இருக்கிறது. அது, உலகத்தை வட்டில் சேமிப்பது.

மைன்கிராஃப்ட் சர்வர் தன் நேரத்தை ‘டிக்’ என்ற சின்னச் சின்ன அடிகளாக வெட்டிக்கொள்கிறது. விநாடிக்கு 20 டிக், அதாவது ஒரு டிக்குக்கு 50 மில்லி விநாடி. மாடு ஓரடி வைப்பது, பயிர் வளர்வது, பெட்டி திறப்பது என எல்லாக் கணக்கையும் அந்த 50 மில்லி விநாடிக்குள் முடித்தாக வேண்டும். 20 மில்லி விநாடியில் முடிந்துவிட்டால் மீதி 30-ஐச் சர்வர் சும்மா கழிக்கிறது. 300 மில்லி விநாடி இழுத்துவிட்டால் ஆறு டிக்குக்கான நேரத்தை ஒரே டிக் விழுங்கிவிட்டது என்று பொருள். அப்போது உலகமே ஒரு கணம் நின்றுவிடுகிறது. தானியங்கிச் சேமிப்பு 6,000 டிக்குக்கு ஒருமுறை நடக்கிறது. 6,000-ஐ 20-ஆல் வகுத்தால் 300 விநாடி. அந்த ஐந்து நிமிடத்துக்கு இதுதான் கணக்கு.

அந்த நேரத்தில் வட்டில் என்ன நடக்கிறது?

மைன்கிராஃப்ட் உலகம் ‘சங்க்’ எனப்படும் துண்டுகளாக இருக்கிறது. ஒரு துண்டு நீளத்தில் 16 கட்டம், அகலத்தில் 16 கட்டம். உயரம் உலகத்தின் அடியிலிருந்து உச்சி வரை. ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனிக் கோப்பு வைத்தால் கோப்புகள் லட்சக்கணக்கில் பெருகிவிடும். தொடக்க கால மைன்கிராஃப்டில் அப்படித்தான் இருந்தது. இப்போது 32-க்கு 32 என்று 1,024 துண்டுகளை ஒரே கோப்பில் அடுக்குகிறார்கள். `r.0.0.mca` என்பது போன்ற பெயருடன் `region` என்ற ஃபோல்டருக்குள் கிடப்பவை இந்தக் கோப்புகள்தான்.

ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் 8 கே.பி. அளவுக்கு ஒரு பேரேடு உண்டு. எந்தத் துண்டு கோப்பின் எந்த இடத்தில் இருக்கிறது, கடைசியாக எப்போது எழுதப்பட்டது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டைச் சேமிக்கும்போது சர்வர் பழைய பிரதியின் மேல் அப்படியே எழுதுவதில்லை. கோப்பில் காலியாக உள்ள வேறோர் இடத்தில் புதிய பிரதியை எழுதுகிறது. பிறகு தலைப்புக்கு வந்து, “இந்தத் துண்டு இனிமேல் இங்கே இருக்கிறது” என்று பேரேட்டைத் திருத்துகிறது. அதன் பிறகே பழைய இடத்தைக் காலி என்று விடுவிக்கிறது. பாதியில் மின்சாரம் போனாலும் பழைய பிரதியாவது பிழைத்துக்கிடக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு துண்டைச் சேமிக்க வட்டில் இரண்டு இடங்களுக்குப் போய் எழுத வேண்டியிருக்கிறது.

ஆயிரம் கடிதங்களை ஆயிரம் வீடுகளுக்குக் கொடுக்கப் புறப்படும் தபால்காரர், ஒவ்வொரு கடிதத்தைக் கொடுத்ததும் தபால் நிலையத்துக்குத் திரும்பி வந்து பேரேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த கடிதத்தை எடுக்கலாம் என்று சட்டம் போட்டால் எப்படியிருக்கும்? பையின் எடை இங்கே ஒரு பொருட்டே இல்லை. நடைதான் ஆளைக் கொல்லும்.

ஹார்ட் டிஸ்க்குக்கு இந்த நடை நிஜமான நடை. உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டுகள் சுழல்கின்றன, ஒரு கையின் நுனியில் உள்ள முனை அவற்றின் மேல் உள்ளும் புறமும் நகர்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல், காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் கை சரியான தடத்துக்கு நகர 8 மில்லி விநாடி போல ஆகும். ஆக, ஓரிடத்துக்குப் போய் எழுத ஏறத்தாழ 12 மில்லி விநாடி. பழைய மடிக்கணினிகளில் உள்ள, நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் வட்டுகள் இதைவிட மெதுவானவை.

இப்போது பத்துப் பேர் விளையாடும் சர்வருக்கே கணக்குப் போடலாம். ஐந்து நிமிடத்தில் 1,000 துண்டுகள் மாறியிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். சுருக்கப்பட்ட துண்டு ஒன்று 8 கே.பி. என்றால் மொத்தச் சரக்கு 8 எம்.பி.தான். நீளமாக ஒரே மூச்சில் எழுதினால் விநாடிக்கு 150 எம்.பி. எழுதக்கூடிய ஹார்ட் டிஸ்க்குக்கு இது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வேலைகூட இல்லை. ஆனால் இங்கே 1,000 துண்டு, துண்டுக்கு இரண்டு இடம், இடத்துக்கு 12 மில்லி விநாடி. பெருக்கினால் 24 விநாடி வருகிறது. ஒரே கோப்புக்குள் முனை நகரும் தூரம் குறைவாக இருந்தால் இது பாதியாகலாம். அதே வட்டில் வேறு வேலைகளும் ஓடினால் இரட்டிப்பாகலாம். எப்படிப் பார்த்தாலும் விநாடிக் கணக்குதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லுகள். எந்த இடத்துக்குப் போனாலும் ஒரே நேரம்தான் ஆகிறது. “எழுதியாகிவிட்டது” என்று உறுதியாகச் சொல்ல, வீட்டுக் கணினிகளில் போடும் சாதாரண எஸ்.எஸ்.டி. அரை மில்லி விநாடி எடுத்துக்கொண்டால்கூட, அதே 2,000 எழுத்தும் ஒரே விநாடியில் முடிந்துவிடும். அந்த 24 விநாடி 1 விநாடியாகச் சுருங்குகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். எந்த இயங்குதளமும் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, சாவகாசமாக வட்டில் இறக்குவதுதானே வழக்கம்? பிறகு சர்வர் ஏன் வட்டுக்காகக் காத்திருக்க வேண்டும்? பதில் `server.properties` கோப்பில், 1.16 பதிப்பிலிருந்து இருக்கும் ஒரு வரியில் கிடைக்கிறது.

```
sync-chunk-writes=true
```

இந்த வரி `true` என்று இருக்கும்வரை, துண்டுகளை எழுதும்போது ரேமில் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. வட்டிலேயே ஏறிவிட்டது என்ற உறுதி வந்த பிறகுதான் அடுத்த எழுத்து. உலகம் கெட்டுப்போகாமல் இருக்க மோஜாங் நிறுவனம் வைத்த இயல்பமைப்பு இது. எஸ்.எஸ்.டி. வைத்திருப்பவருக்கு இந்த வரி இருப்பதே தெரியாது. ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு மேலே பார்த்த 24 விநாடி இந்த வரியால்தான் வருகிறது. `false` என்று மாற்றினால் இயங்குதளம் எழுத்துகளை ரேமில் சேர்த்து, இடவாரியாக வரிசைப்படுத்தி, குறைந்த நடையில் இறக்கிவிடும். வேகம் நன்றாகவே கூடும். அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், பேரேடு ஒன்று சொல்ல உள்ளே வேறொன்று இருக்கும் நிலைமைக்குக் கோப்பு வந்துவிடலாம். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இதை மாற்றுவது சூதாட்டம்.

ஆனாலும், 24 விநாடி எழுத்து என்றால் ஆட்டம் 24 விநாடி நிற்பதில்லை. துண்டுகளை எழுதும் வேலையை மைன்கிராஃப்ட் தனி இழையிடம் விட்டிருக்கிறது. டிக் கணக்கைப் பார்க்கும் முதன்மை இழை அதற்காக நேரடியாகக் காத்திருப்பதில்லை. அப்படியானால் மாடு ஏன் நிற்கிறது? வட்டின் சுமை முதன்மை இழையை இரண்டு வழிகளில் வந்து பிடிக்கிறது.

முதல் வழி வாசிப்பு. வட்டு எழுதுவதில் மூழ்கியிருக்கும் நேரத்தில் ஒருவர் இறக்கை கட்டிக்கொண்டு வேகமாகப் பறக்கிறார், அல்லது தொலைவில் உள்ள வீட்டுக்கு ஒரே தாவலில் போகிறார். அங்குள்ள துண்டுகளை வட்டிலிருந்து எடுக்க வேண்டும். முனை ஒன்றுதான், அது எங்கோ எழுதிக்கொண்டிருக்கிறது. துண்டு வந்து சேரும்வரை அவர் திரையில் நிலத்துக்குப் பதில் வெற்று வானம்தான் தெரியும். இது அவர் ஒருவருடைய தொல்லை. விளையாட்டின் நடுவில் ஏதோ ஒரு கணக்கோ, சேர்த்த பிளகினோ “அந்தத் துண்டு இப்போதே வேண்டும்” என்று கேட்டுவிட்டால்தான் வினை. முதன்மை இழை அது கைக்கு வரும்வரை நின்றே தீரும். சும்மா இருக்கும் வட்டில் 12 மில்லி விநாடியில் கிடைக்கும் துண்டு, வரிசையில் நிற்கும்போது 200, 300 மில்லி விநாடி ஆகலாம். அத்தனை டிக்கும் எல்லோருக்கும் நஷ்டம்.

இரண்டாவது வழி ஆட்களின் கோப்புகள். ஒவ்வொரு விளையாட்டாளரின் கைச்சரக்கு, நிற்கும் இடம், உயிரளவு எல்லாம் `playerdata` ஃபோல்டரில் ஒரு கோப்பாக இருக்கும். அவருடைய புள்ளிவிவரம் இன்னொரு கோப்பு, சாதனைகள் மூன்றாவது கோப்பு. சேமிப்பு நேரத்தில் இவற்றை எழுதுவது அந்த முதன்மை இழையேதான். பத்துப் பேருக்கு முப்பது கோப்பு. வட்டு ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்து, கோப்புக்கு 15 மில்லி விநாடி ஆனால் 450 மில்லி விநாடி போய்விடும். அதாவது ஒன்பது டிக். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் அந்தக் குலுக்கலில் இதற்குக் கணிசமான பங்கு உண்டு.

தடங்கல் பெரிதாக இருந்தால் சர்வரின் பதிவில் ஒரு வரி விழும்.

```
Can't keep up! Is the server overloaded? Running 2310ms or 46 ticks behind
```

ஆனால் சர்வர் ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு மேல் பின்தங்கினால்தான் இது எழுதப்படும். அரை விநாடிக் குலுக்கல் எத்தனை முறை வந்தாலும் பதிவில் தடமே இருக்காது. “லாக் எல்லாம் சுத்தமாக இருக்கிறதே” என்று சர்வர் நடத்துபவர் சொல்வதும், “லேக் அடிக்கிறது” என்று விளையாடுபவர்கள் சொல்வதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பது இதனால்தான். தடங்கல் 60 விநாடியைத் தொட்டால் கதையே வேறு. `max-tick-time=60000` என்ற இயல்பமைப்பின்படி, சர்வர் செத்துவிட்டதாக முடிவு கட்டிக் காவல் நிரல் தானே அதை நிறுத்திவிடும்.

குற்றவாளி வட்டுதானா என்று உறுதிப்படுத்தப் பத்து நிமிடம் போதும். சர்வர் கன்சோலில் தானியங்கிச் சேமிப்பை `save-off` என்று நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் விளையாடிப் பார்க்க வேண்டும். பிறகு `save-all` என்று தட்டிக் கையால் சேமிக்கச் சொல்ல வேண்டும். பத்து நிமிடமும் குலுக்கல் இல்லாமல் இருந்து, `save-all` தட்டிய கணத்தில் மாடு நின்றால் சேமிப்புதான் காரணம். சோதனை முடிந்ததும் `save-on` போட மறந்துவிடக் கூடாது. மறந்தால் அன்றைக்குக் கட்டிய வீடெல்லாம் அடுத்த மின்வெட்டோடு போகும்.

சேமிப்புதான் என்று தெரிந்தாலும், அதில் தாமதிப்பது வட்டா, பிராசஸரா என்பது பாக்கி இருக்கிறது. லினக்ஸ் சர்வரில் இன்னொரு திரையைத் திறந்து இதை ஓடவிட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

```
iostat -x 1
```

விநாடிக்கு ஒருமுறை புது எண்கள் வரும். `%util` என்ற பத்தி வட்டு எவ்வளவு நேரம் வேலையாக இருந்தது என்பதையும், `w_await` ஓர் எழுத்து முடியச் சராசரியாக எத்தனை மில்லி விநாடி ஆனது என்பதையும் காட்டும். சேமிப்பு நேரத்தில் `%util` 100-ஐ ஒட்டி நின்று, `w_await` 50, 100 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் வட்டுப் பக்கமே போதும். அங்கே மற்றொரு அடையாளமும் கிடைக்கும். வட்டு 100 சதவீதம் வேலையாக இருக்கும், ஆனால் எழுதும் வேகம் விநாடிக்கு ஓர் எம்.பி.யைக்கூடத் தொட்டிருக்காது. மூச்சு முட்ட வேலை, கையில் அள்ளியது கொஞ்சம். ஹார்ட் டிஸ்க் நடந்தே களைக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எண்கள் மாறி வந்தால், அதாவது வட்டு சும்மா இருக்கும்போதே டிக் நீண்டால், எஸ்.எஸ்.டி. வாங்குவதில் பயனில்லை. துண்டை வட்டுக்கு அனுப்பும் முன் அதைச் சேமிக்கத் தக்க வடிவத்துக்கு மாற்ற வேண்டும். பல பதிப்புகளில் அந்த வேலை முதன்மை இழையின் தலையில்தான் விழுகிறது. ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே டிக்கில் மாற்றப் போனால், எவ்வளவு நல்ல எஸ்.எஸ்.டி. இருந்தாலும் குலுக்கல் வரும். பல சர்வர்கள் பயன்படுத்தும் பேப்பர் என்ற மென்பொருள், ஒரு டிக்குக்கு இத்தனை துண்டுக்கு மேல் சேமிக்காதே என்று `max-auto-save-chunks-per-tick` மூலம் வரம்பு வைப்பது இதற்காகத்தான். இயல்பாக அது 24. யாரும் கால் வைக்காத புது நிலத்துக்குள் நுழையும்போது வரும் தடங்கலுக்கும் வட்டோடு பெரிய தொடர்பில்லை. அங்கே மலையையும் ஆற்றையும் புதிதாக உருவாக்கும் கணக்கில் பிராசஸர் திணறுகிறது.

வட்டுதான் காரணம் என்றால், எந்த எஸ்.எஸ்.டி. வாங்குவது என்பதில் அதிகம் குழம்ப வேண்டியதில்லை. சாட்டா வகை விநாடிக்கு 550 எம்.பி. வரை போகும், என்.வி.எம்.இ. வகை 3,500 எம்.பி.யையும் தாண்டும் என்று விளம்பரம் சொல்வது நீளமான கோப்புகளுக்கு. ஐந்து நிமிடத்துக்கு 8 எம்.பி.யும் அதற்கான பேரேட்டுத் திருத்தங்களும் எழுதும் சர்வருக்கு அந்த வேறுபாடு கண்ணிலேயே படாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறுவது பெரிய தாவல், அங்கிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுவது சிறிய படி. நூற்றுக்கணக்கானோர் விளையாடும் சர்வர் என்றால், மின்சாரம் போனாலும் கையில் உள்ளதை எழுதி முடிக்கும் மின்தேக்கிகள் கொண்ட, டேட்டா சென்டருக்கான எஸ்.எஸ்.டி.களைப் பார்க்கலாம். ரேமில் வாங்கியதையே அவை துணிந்து “எழுதியாயிற்று” என்று சொல்லிவிட முடியும். அதனால் உறுதி கேட்கும் எழுத்துகள் அவற்றில் பல மடங்கு வேகமாக முடிகின்றன.

ஓயாமல் எழுதினால் எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்துவிடாதா என்ற பயம் பலருக்கு உண்டு. பேரேட்டையும் சேர்த்துச் சேமிப்புக்கு 16 எம்.பி., மணிக்கு 12 சேமிப்பு, நாளுக்கு 24 மணி நேரம் என்று வைத்தால் ஏறத்தாழ 4.6 ஜி.பி. வருகிறது. 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றுக்கு 300 டி.பி. வரை எழுதலாம் என்ற உத்தரவாதம் இருந்தால், இந்த வேகத்தில் அதைத் தீர்க்க நூறாண்டுக்கு மேல் ஆகும். உள்ளே நடக்கும் கூடுதல் எழுத்துகளுக்காகப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துப் பார்த்தாலும் சர்வர் கணினியைவிட அது அதிகக் காலம் தாங்கும்.

உடனே எஸ்.எஸ்.டி.க்கு மாற வழியில்லாதவர் முதலில் கை வைக்க வேண்டியது `view-distance`. ஒவ்வொருவரையும் சுற்றிச் சர்வர் ஏற்றிவைக்கும் துண்டுகளை இதுதான் தீர்மானிக்கிறது. 10 என்றால் 21-க்கு 21, அதாவது 441 துண்டு. 6 என்றால் 13-க்கு 13, அதாவது 169 துண்டு. ஏற்றும் துண்டு குறைந்தால் மாறுவதும் குறையும், வாசிப்பதும் குறையும். சேமிப்பு இடைவெளியை ஐந்திலிருந்து இருபது நிமிடமாக்குவது பார்க்க எளிதாக இருக்கும். குலுக்கல் அரிதாகும்தான், ஆனால் ஒவ்வொரு குலுக்கலும் பெரிதாகும். சர்வர் விழுந்தால் இருபது நிமிட உழைப்பு போகும். நள்ளிரவில் உலகத்தை அப்படியே சுருக்கி அதே ஹார்ட் டிஸ்க்கில் நகல் வைக்கும் ஏற்பாடு இருந்தால், அதை வேறு வட்டுக்கு மாற்றுவதே பாதி நிவாரணம். ஒரே முனை ஒரு பக்கம் வாசித்து இன்னொரு பக்கம் எழுதுவதைவிட மோசமான வேலை அதற்கு வேறில்லை.

மாற முடிந்தவருக்கு வேலை சுலபம். `stop` கட்டளையால் சர்வரை முறையாக நிறுத்தி, அது முழுதாக மூடும்வரை பொறுத்து, உலக ஃபோல்டரை எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்துவிட்டு அங்கிருந்து தொடங்க வேண்டும். பேப்பர் சர்வரில் `world` மட்டுமன்றி `world_nether`, `world_the_end` என்ற ஃபோல்டர்களும் இருந்தால் அவற்றையும் சேர்த்தே எடுக்க வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போட வேண்டாம். இரவு நகல்கள் ஒரே பெரிய கோப்பாக, ஒரே மூச்சில் எழுதப்படுபவை. அந்த வேலையை அது இன்னும் விநாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் செய்யும்.